மிட்வைஃப் மிஸ்ஸுக்குப் பிரியாவிடை

கேள்வி: எங்கள் தோட்டத்து மிட்வைஃப் மிஸ் அடுத்த மாதம் ஓய்வுபெறுகிறார். ஊர்ச்சனமாகச் சேர்ந்து என்ன செய்யலாம்?

பொன்னாடையும் மாலையும் இருக்கட்டும். சட்டம் போட்ட வாழ்த்துப்பாவை மட்டும் தவிருங்கள். அதை ஒருவர் ராகம் போட்டு வாசித்து முடிப்பதற்குள் பாதிப்பேர் சோற்றுப் பார்சலைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். அரசியல்வாதியைக் கூப்பிட்டால் கூட்டம் அவருடையதாகிவிடும்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் மிஸ்ஸை வழியனுப்பியபோது, தாய்மாரைப் பிள்ளைகளின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டோடு வரச் சொன்னோம். பெண்பிள்ளைக்கு ரோஸ், ஆண்பிள்ளைக்கு நீலம், தெரியும்தானே. தமிழ், முஸ்லிம், சிங்கள வீடுகள் எல்லாவற்றிலிருந்தும் கொண்டுவந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா தன் மகளின் புத்தகத்தை நீட்டினார். மகள் இப்போது ஓ.எல். எழுதுகிறாள். நிறை வரைபில் எட்டாம் மாதப் புள்ளி ஏறாமல் படுத்துக் கிடந்தது. மிஸ் பார்த்ததுமே சிரித்தார்: "சட்டியத் திறந்து பாத்தனே, ஒரே தண்ணிக் கஞ்சி! கரண்டியச் சரிச்சா வழியக் கூடாதுன்னு சொன்னேன் இல்லையா?" சோற்றையும் பருப்பையும் கட்டியாக மசித்து, ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டுக் கொடுக்கச் சொன்னாராம். அடுத்த மாதப் புள்ளி மேலே போயிருந்தது. அக்கா அழுதுவிட்டார். எந்தப் பேச்சாளரும் அந்த மனிசியைப் பற்றி இவ்வளவு சொல்லியிருக்க மாட்டார்.

கிளினிக் நாளில் மட்டும் வைக்காதீர்கள். ஊசி போட வந்த கைக்குழந்தைகள் காத்துக் கிடக்கும்.

விழாவைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. மிஸ் போன உடனே அந்த இடத்துக்கு ஆள் வரும் என்று நம்ப முடியாது. பல நேரம் பக்கத்துப் பிரிவு மிஸ்தான் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார். அப்போது முதலில் விடுபடுவது வீட்டுக்கு வந்து பார்ப்பது. கிளினிக்குக்கு நாம் போய்விடலாம். பிள்ளை பெற்று வீட்டில் படுத்திருப்பவள் எங்கே போவாள்? முறைப்படி, பிரசவத்துக்குப் பிறகு முதல் பத்து நாளுக்குள் இரண்டு தடவை வரவேண்டும், முதலாவது ஐந்து நாளுக்குள். காய்ச்சல் இருக்கிறதா, இரத்தப்போக்கு நாறுகிறதா, தையல் ஆறுகிறதா, பிள்ளை சரியாகப் பால் குடிக்கிறதா, தொப்புள் காய்கிறதா என்று பார்ப்பது அப்போதுதான்.

அதனால் பொறுப்பெடுக்கப் போகிறவரையும் விழாவுக்குக் கூப்பிடுங்கள். கர்ப்பிணிகளையும் புதிதாகப் பெற்றவர்களையும் பழைய மிஸ்ஸே அறிமுகப்படுத்தட்டும். எங்கள் மிஸ் தேநீர் குடித்த கையோடு புதியவரைக் கூட்டிக்கொண்டு அந்த வீடுகளுக்குப் போனார். இலக்கம் இல்லாத வீடுகள், உள்ளுக்குள் உள்ளாகப் பிரியும் சந்துகள். பதிவேட்டைப் பார்த்து அவற்றைக் கண்டுபிடிக்க ஏலாது.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் தொலைபேசி எண்ணையும் அன்றைக்கே எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். பிள்ளை பிறந்து ஐந்து நாளாகியும் யாரும் வரவில்லையென்றால் ஆறாம் நாள் காலையில் கோல் எடுக்க வேண்டும். காய்ச்சலோ அதிக இரத்தப்போக்கோ இருந்தால் அதற்கும் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.