பெயரில் ‘ஃபவுண்டேஷன்’ இருந்தால் அறக்கட்டளை ஆகிவிடுமா?

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. கோவைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்கலாம் என்று பார்த்துவைத்திருக்கிறோம். பெயரில் ‘ஃபவுண்டேஷன்’ என்று இருக்கிறது. மாதம் 22,000 ரூபாய், அது தவிர முன்பணம் 3 லட்சம். “நாங்க ட்ரஸ்ட் சார், அந்த மூணு லட்சத்துக்கு 80ஜி ரசீது தந்துடறோம்” என்கிறார்கள். என் அண்ணன், “இது பக்கா கம்பெனி, ஏமாறாதே” என்கிறார். யார் சொல்வது சரி என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பெயரை வைத்து நீங்களும் முடிவு செய்ய முடியாது, உங்கள் அண்ணனும் முடிவு செய்ய முடியாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்த அறக்கட்டளையும் தன்னை ஃபவுண்டேஷன் என்று அழைத்துக்கொள்ளலாம். கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் உரிமம் வாங்கிய லாப நோக்கற்ற கம்பெனிகளும் பெரும்பாலும் அந்தச் சொல்லைத்தான் வைத்துக்கொள்கின்றன, ஏனென்றால் விதிகளே ஃபவுண்டேஷன், ஃபோரம், அசோசியேஷன் போன்ற ஒரு சொல் பெயரில் இருக்க வேண்டும் என்கின்றன. சாதாரண தனியார் கம்பெனி ஒன்று தன் இல்லத்தின் பலகையில் மட்டும் அப்படி எழுதி மாட்டியிருக்கவும் கூடும். எனவே பலகையை விட்டுவிட்டு ரசீதைக் கேளுங்கள். பணம் கட்டுவதற்கு முன்பே, வேறு யாருக்காவது கொடுத்த பழைய ரசீதின் மாதிரி ஒன்றையும், பணம் போட வேண்டிய வங்கிக் கணக்கின் விவரத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பாதி விடை அந்த இரண்டிலேயே இருக்கும்.

ரசீதில் முதலில் பார்க்க வேண்டியது பான் எண். பத்து இடங்கள் உள்ள அந்த எண்ணில் நான்காவது எழுத்து, அது யாருடையது என்பதைச் சொல்லும். அறக்கட்டளை என்றால் T. கம்பெனி என்றால் C. கூட்டாண்மை நிறுவனம், எல்எல்பி என்றால் F. தனி மனிதர் என்றால் P. சங்கமாகப் பதிந்தவற்றுக்கு A அல்லது T வரலாம். `AAATX0000X` என்கிற வடிவத்தில் எண் இருந்தால் அந்த T-யைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரசீதில் பான் இல்லாமல் ஜிஎஸ்டி எண் மட்டும் இருந்தாலும் கவலையில்லை. அதன் முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அதற்கு அடுத்த பத்து இடங்கள் அதே பான் எண்தான். அதனால் `33AAATX0000X1Z0` போன்ற எண்ணில் ஆறாவது எழுத்தைப் பார்த்தால் போதும். services.gst.gov.in தளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் Constitution of Business என்ற இடத்தில் எந்த வகை நிறுவனம் என்று எழுத்திலேயே இருக்கும். அதற்குக் கட்டணமும் இல்லை, கணக்கு தொடங்கவும் தேவையில்லை.

P என்று வந்தால் விஷயம் முடிந்தது. ‘ட்ரஸ்ட்’ என்று சொல்லிவிட்டு ஒரு தனி மனிதரின் கணக்குக்குப் பணம் போகிறது என்று அர்த்தம். ஆனால் C என்று வந்தவுடன் “அண்ணன் சொன்னது சரி” என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பலரும் தவறுகிற இடம் இதுதான். நான் சொன்ன 8ஆம் பிரிவுக் கம்பெனிக்கும் பானில் C-தான் வரும். அது சட்டப்படி கம்பெனி, ஆனால் உறுப்பினர்களுக்கு ஈவுத்தொகை கொடுக்க அதற்குத் தடை. மிஞ்சும் பணம் திரும்ப நோக்கத்துக்கே செலவாக வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டம் வருவதற்கு முன் இதையே 25ஆம் பிரிவுக் கம்பெனி என்பார்கள். பழைய ஆட்கள் இன்னும் அப்படியே சொல்வார்கள்.

8ஆம் பிரிவுக் கம்பெனியையும் சாதாரணக் கம்பெனியையும் பிரித்துக் காட்டுவது கம்பெனி அடையாள எண், அதாவது CIN. மொத்தம் 21 இடங்கள். கம்பெனிகள் தங்கள் கடிதத் தாளிலும் பில்லிலும் இதை அச்சிட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். பார்க்க இப்படி இருக்கும்:

```
U00000TN2019NPL000000
```

நடுவில் TN என்பது மாநிலம், அடுத்த நான்கு இலக்கம் தொடங்கிய ஆண்டு. அதற்குப் பின்னால் வரும் மூன்று எழுத்துகள்தான் நமக்கு வேண்டியவை. NPL என்றால் லாப நோக்கற்ற உரிமம் பெற்றது. PTC என்றால் சாதாரண பிரைவேட் லிமிடெட். PLC என்றால் பப்ளிக் லிமிடெட். கம்பெனி விவகார அமைச்சகத்தின் mca.gov.in தளத்தில் அந்த எண்ணைப் போட்டு மாஸ்டர் டேட்டா பார்த்தால் பெயர், முகவரி, கடைசியாக எந்த ஆண்டின் இருப்புநிலைக் குறிப்பைத் தாக்கல் செய்தார்கள் என்பது வரை வரும். 100 ரூபாய் கட்டினால் அவர்கள் தாக்கல் செய்த கணக்குகளையும் பார்க்கலாம். வெளியாளாக இருந்துகொண்டு உள்கணக்கை இவ்வளவு எளிதாகப் பார்க்க முடிவது கம்பெனிகளில்தான்.

அறக்கட்டளையில் அப்படி முடியாது. தமிழ்நாட்டில் பொது அறக்கட்டளை என்பது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த ஒரு பத்திரம், அவ்வளவுதான். மகாராஷ்டிரத்தில் இருப்பதுபோல எல்லா அறக்கட்டளைகளையும் பதிவு செய்து கண்காணிக்கிற அறக்கட்டளை ஆணையர் இங்கே இல்லை. நிலம், கட்டடம் சேராத அறக்கட்டளைப் பத்திரம் வழக்கமாக 4ஆம் புத்தகத்தில் பதிவாகும். வீட்டுப் பத்திரம் பதிவாகும் 1ஆம் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், 4ஆம் புத்தகத்தின் நகல் சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். அதனால் “ரெஜிஸ்டர் நம்பர் சொல்லிட்டாங்க, போய்ப் பார்த்துக்கலாம்” என்று நினைத்துப் பதிவு அலுவலகத்துக்கு அலைய வேண்டாம். அறக்கட்டளையிடமே பத்திர நகலைக் கேளுங்கள். அதில் அறங்காவலர்கள் யார், நோக்கம் என்ன, அறக்கட்டளை கலைந்தால் சொத்து யாருக்குப் போகும் என்ற மூன்றையும் படியுங்கள். கலைக்கும்போது சொத்து நிறுவனரின் குடும்பத்துக்குத் திரும்பும் என்று எழுதியிருந்தால், தலைப்பில் என்ன போட்டிருந்தாலும் அது பொது அறக்கட்டளை இல்லை.

சங்கம் என்றால் கதை வேறு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி மாவட்டப் பதிவாளரிடம் பதிந்திருக்க வேண்டும். எண் ‘இத்தனை/இந்த ஆண்டு’ என்று இருக்கும். ஆண்டுதோறும் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் அங்கே போக வேண்டும். முதியோர் இல்லம் நடத்தும் சங்கங்களும் உண்டு. உங்கள் விஷயத்தில் அவர்களே ‘ட்ரஸ்ட்’ என்று சொல்வதால் இதை நீட்டவில்லை.

சரி, இப்போது அந்த 3 லட்சத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது நிறுவனத்தின் வகையைவிட இதுதான். முன்பணம் என்றால் அம்மா அங்கிருந்து கிளம்பும்போது திரும்பி வர வேண்டிய பணம். நன்கொடை என்றால் திரும்பி வராத பணம். ஒரே தொகை இரண்டாகவும் இருக்க முடியாது. 80ஜி ரசீது கொடுத்தால் அவர்கள் புத்தகத்தில் அது நன்கொடை. நாளைக்கு நீங்கள் திரும்பக் கேட்டால் அந்த ரசீதையே எடுத்துக் காட்டுவார்கள். அதைவிட, சேர்வதற்காகக் கட்டாயமாகக் கட்டிய பணத்தை நன்கொடை என்று சொல்லி நீங்கள் வரிச்சலுகை கேட்டால், விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

என்னிடம் வந்த ஒரு குடும்பத்துக்கு நடந்தது இது. ஊர் பெயரும் இல்லத்தின் பெயரும் வேண்டாம். வாசலில் அறக்கட்டளை என்று பெரிய பலகை. மாதாமாதம் வந்த பில்லோ பிரைவேட் லிமிடெட் பெயரில். சேரும்போது கட்டிய 2 லட்சத்துக்கு மட்டும் அறக்கட்டளையின் ரசீது, அதில் சின்ன எழுத்தில் ‘மூலநிதி நன்கொடை’. பெரியவர் இறந்த பிறகு பணத்தைக் கேட்டபோது, கம்பெனி “எங்களிடம் நீங்கள் முன்பணமே கட்டவில்லை” என்றது. அறக்கட்டளை “நன்கொடையைத் திருப்பித் தர எங்களுக்கு அதிகாரமில்லை” என்றது. காகிதத்தில் இரண்டு பேர் சொன்னதும் உண்மை. பில்லின் பான் எண்ணில் C, ரசீதின் பான் எண்ணில் T. முதல் நாளே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஒரு அறக்கட்டளை தன் வேலையில் ஒரு பகுதியைக் கம்பெனியிடம் கொடுப்பது குற்றமில்லை. அந்தக் கம்பெனி அறங்காவலரின் குடும்பத்துடையது, அதற்குச் சந்தை விலையைவிட அதிகமாகக் கொடுக்கிறார்கள் என்றால்தான் வரித்துறை அறக்கட்டளையைக் கேள்வி கேட்கும். ஆனால் உங்களுக்கு யார் பொறுப்பு என்பது அந்தப் பிரிவினையில் காணாமல் போய்விடும்.

அதனால் நான்கு இடங்களில் ஒரே பெயரும் ஒரே பான் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்: மாத பில், முன்பண ரசீது, வங்கிக் கணக்கின் பெயர், 80ஜி அனுமதி உத்தரவு. அந்த உத்தரவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்த ஆண்டு வரை செல்லும் என்று அதிலேயே இருக்கும், இப்போது யாருக்கும் அது காலவரையறை இல்லாமல் தரப்படுவதில்லை. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருப்பதால், புதிய உத்தரவில் ‘80ஜி’ என்றே இல்லாவிட்டாலும் பதற வேண்டாம். நிதி ஆயோக்கின் தர்பண் எண்ணைச் சிலர் பெருமையாகக் காட்டுவார்கள். அது தொண்டு நிறுவனங்கள் தாங்களாகவே விண்ணப்பித்துப் பதிந்துகொள்ளும் பட்டியல்தான், அரசு கொடுத்த நற்சான்று கிடையாது. ஐஎஸ்ஓ சான்றிதழும் இந்தக் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது.

உங்களுக்கு மட்டும் பொருந்துகிற ஒரு சோதனையும் இருக்கிறது. வருமான வரித்துறையில் தொண்டு நிறுவனமாகப் பதிந்த அமைப்பு நடத்தும் முதியோர் இல்லத்தில், 60 வயதைக் கடந்தவருக்குத் தங்குமிடம், சாப்பாடு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 25,000 ரூபாய் வரை ஜிஎஸ்டி கிடையாது. லாபத்துக்கு நடத்தும் கம்பெனிக்கு இந்த விலக்கு இல்லை. அம்மாவுக்கு 74, கட்டணம் 22,000. அப்படியிருக்க மாத பில்லில் ஜிஎஸ்டி போட்டால், “ட்ரஸ்ட் என்கிறீர்களே, இந்த வரி எதற்கு?” என்று கேளுங்கள். உண்மையான அறக்கட்டளையின் கணக்காளருக்கு இந்தக் கேள்வி புரியும், ஒரு பதிலும் வைத்திருப்பார்.

கம்பெனி என்று தெரியவந்தால் அம்மாவை அங்கே சேர்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நன்றாக நடக்கும் கம்பெனி இல்லங்கள் இருக்கின்றன, சரியாக நடத்தத் தெரியாத அறக்கட்டளைகளும் இருக்கின்றன. லாப நோக்கற்றது என்றால் இலவசம் என்றோ மலிவு என்றோ பொருளில்லை, மிச்சத்தை யாரும் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது என்பதுதான் பொருள். எதுவாக இருந்தாலும் 3 லட்சத்துக்கு 80ஜி ரசீது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்குப் பதிலாக, ‘திருப்பித் தரத்தக்க முன்பணம்’ என்ற சொற்களுடன், எத்தனை நாளில் எவ்வளவு பிடித்தம் போகத் திரும்ப வரும் என்று எழுதிய ஒப்பந்தத்தை, மாத பில் யார் பெயரில் வரப்போகிறதோ அதே பெயரில் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். அதற்கு அவர்கள் சம்மதிக்கவில்லை என்றால் வேறு இல்லம் பாருங்கள்.