ஹேண்ட்போன் எஃப்எம்முக்கு ஒயர் எதற்கு? பெஸ்தாரி ஜெயா ரிப்பேர் கடைக்காரரிடம் கேட்டவை

குமரன்: அண்ணே, காதுல புளூடூத் மாட்டியிருக்கேன். எஃப்எம்மைத் திறந்தா "இயர்போனைச் சொருகு"ன்னு அடம் பிடிக்குது. ஒன்னு இருக்கும்போது இன்னொன்னு எதுக்கு?

அது கேட்பது இயர்போனை இல்லை தம்பி, ஏரியலை. நம் பக்கம் மின்னல் எஃப்எம் 96.3-இல் வருகிறது. அந்த அலையின் நீளம் மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதை ஒழுங்காகப் பிடிக்க அதில் கால் பங்காவது கம்பி வேண்டும், அதாவது 78 சென்டிமீட்டர். உன் போனே ஒரு சாண்கூட இல்லை, அதற்குள் இதை எங்கே மடித்து வைப்பது? 4ஜி ஓடும் 1800 மெகாஹெர்ட்ஸில் கால் பங்கு என்பது நாலு சென்டிமீட்டர்தான். புளூடூத்துக்கு அதைவிடவும் குறைவு. அதனால் அந்த ஏரியல்கள் எல்லாம் போனின் ஓரத்திலேயே அடங்கிவிடுகின்றன, எஃப்எம்முக்கு மட்டும் வெளியே ஒரு வால் தேவைப்படுகிறது. சாதாரண இயர்போன் ஒயர் ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும், போதும்.

புளூடூத்தில்தான் கேட்பேன் என்றால் ஒயரைச் சொருகித் தொங்க விட்டுவிட்டு, சத்தத்தைப் போன் ஸ்பீக்கருக்கோ புளூடூத்துக்கோ மாற்று. ஸ்பீக்கருக்கு மாற்றும் வசதி அநேகமாக எல்லா எஃப்எம் ஆப்பிலும் உண்டு. புளூடூத்துக்கு எல்லாவற்றிலும் இல்லை.

ரவி: ஏரியல்தானே, அதுக்கு பிளக் மட்டும் போதும். நான் பழைய இயர்போன் பிளக்கை ஒட்ட வெட்டி சொருகி வச்சிருக்கேன், ஸ்பீக்கர்ல ஓடுது. கேஎல் போனா அருமையா கேக்குது. இங்க தோட்டத்துக்குள்ள வந்தா மட்டும் ஒரே இரைச்சல்.

பாதி சரி. பிளக் உள்ளே போனதும் துளைக்குள் இருக்கும் ஒரு தொடுப்பு "ஏதோ வந்திருக்கிறது" என்று போனுக்குச் சொல்லும், ஆப் திறந்துவிடும். நீங்கள் ஏமாற்றியது ஆப்பைத்தான், அலையை இல்லை. பிளக்கின் நீளம் கட்டை விரல் நகத்தளவு. கேஎல்லில் சிக்னல் பலமாக இருப்பதால் அதுவே போதும். நாம் இருப்பது ஒலிபரப்புக் கோபுரம் உள்ள உலு காலி மலையிலிருந்து மேற்கே நாற்பது கிலோமீட்டருக்கும் அப்பால், நடுவில் செம்பனை வேறு.

வெட்டத்தான் வேண்டுமென்றால் பிளக்கோடு எண்பது சென்டிமீட்டர் ஒயரை விட்டு வெட்டுங்கள். உள்ளிருக்கும் இழைகள் நுனியில் ஒன்றையொன்று தொடாதபடி தனித்தனியாக டேப் சுற்றுங்கள். சில போன்கள் காதுக் குமிழின் மின்தடையையும் அளந்து பார்க்கும். அவை வெட்டிய ஒயரை இயர்போனாக ஒப்புக்கொள்ளாது. அப்படிப்பட்ட போன் என்றால் குமிழை அப்படியே விட்டுவிடுங்கள்.

தேவி: எனக்கு ஒரு சந்தேகம். பாட்டு அந்த ஒயர் வழியா வெளியே போகுது. அலையும் அதே ஒயர்ல உள்ளே வருதுன்னு சொல்றீங்க. ரெண்டும் முட்டிக்காதா?

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். இயர்போன் ஒயருக்குள் இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாகத் திரும்பி வரும் ஒன்று என்று இழைகள் இருக்கும். மைக் இருந்தால் அதற்கும் ஒன்று. பெரும்பாலான போன்களில் ஏரியலாக வேலை செய்வது அந்தப் பொது இழைதான்.

அது போனுக்குள் நுழைந்ததும் நேராக கிரவுண்டில் சேராது. நடுவில் எள்ளளவு கறுப்புப் பாகம் ஒன்று உட்கார்ந்திருக்கும். ஃபெரைட் பீட் என்போம். பாட்டின் அதிர்வு வினாடிக்கு அதிகம் போனால் இருபதாயிரம். அந்த வேகத்துக்கு பீட் வெறும் கம்பி மாதிரி, தடையே இல்லை. எஃப்எம் அலையின் அதிர்வு வினாடிக்குப் பத்துக் கோடிப் பக்கம். அதற்கு அதே பீட் பல நூறு ஓம் தடையாக நிற்கும். தோட்டத்து கேட்டில் கட்டை போட்டிருந்தால் மோட்டார் சைக்கிள் ஓரமாக நுழைந்து போய்விடும், லாரி பக்கத்துப் பாதையில் திரும்ப வேண்டியதுதான், அந்தக் கதை. பீட்டுக்குச் சற்று முன்னால் ஒரு சின்ன கப்பாசிட்டர் வழியாக ஒரு கிளைப் பாதை எஃப்எம் சிப்புக்குப் போகிறது. தடுக்கப்பட்ட அலை அதில் திரும்பும். பாட்டு அந்தக் கப்பாசிட்டரைத் தாண்டாது.

இடது, வலது இழைகளிலும் பீட் உண்டு, பிடித்த அலை அந்த வழியாகப் போனுக்குள் கசிந்துவிடாமலிருக்க. இவ்வளவுக்கும் பாகத்தின் விலை சில காசு. யோசித்தவன் கெட்டிக்காரன்.

மாரியம்மா: தம்பி, என் இயர்போன்ல பாட்டு போட்டா பாடுறவங்க குரலே கேக்கல, மேளமும் எதிரொலியும்தான் வருது. எஃப்எம் போட்டா வெறும் உஸ்ஸுனு ஒரு சத்தம். மவன் போனே கெட்டுப்போச்சு, புதுசு வாங்குன்றான்.

மகனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள் அக்கா. போன் நன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மேலே சொன்ன பொது இழை அறுந்திருக்கிறது.

குரல் எப்படிக் காணாமல் போகிறது என்றால், இரண்டு காதுக்குப் போகும் மின்சாரமும் அந்த ஒரு இழையில்தான் திரும்ப வேண்டும். அது அறுந்தால் இடது குமிழும் வலது குமிழும் ஒன்றுக்கொன்று எதிராக மாட்டிக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பது ஒன்றையொன்று அழித்துவிடும், வித்தியாசமாக இருப்பது மட்டும் மிஞ்சும். பாடுபவரின் குரலை வழக்கமாக இரண்டு பக்கமும் சமமாகத்தான் பதிவு செய்வார்கள், அதனால் முதலில் போவது அதுதான். அதே இழைதான் எஃப்எம் ஏரியலும் என்பதால் உஸ்ஸும் கூடவே வந்துவிட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் என் சந்தேகம் முதலில் பிளக்கின் கழுத்துக்குத்தான் போகும். போனைச் சட்டைப் பையில் போட்டு உட்கார்ந்து எழுந்தால் ஒயர் மடங்குவது அங்கேதான்.

பாட்டை ஓடவிட்டு பிளக்குக்குப் பக்கத்தில் ஒயரை மெதுவாக இப்படியும் அப்படியும் வளைத்துப் பாருங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் குரல் படக்கென்று திரும்பி வந்தால் முடிவு தெரிந்துவிட்டது. கடைக்குக் கொண்டு வந்தால் மீட்டரிலும் பார்ப்பேன். மைக் உள்ள பிளக்கில் பெரும்பாலும் நுனியிலிருந்து மூன்றாவது பட்டைதான் பொது இழை. அங்கே ஒரு முனை, குமிழுக்குள் ஒரு முனை வைத்தால் பீப் அடிக்க வேண்டும்.

வேறு நல்ல இயர்போனைச் சொருகி பாட்டு சரியாக வந்து எஃப்எம் மட்டும் இன்னும் உஸ் என்றால், அப்போது போனைப் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்குப் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும், அல்லது பஞ்சு அடைத்திருக்கும். போனை அணைத்துவிட்டு பல் குத்தும் குச்சியால் எடுங்கள், ஊசி வேண்டாம்.

மாரியம்மா: வளைச்சுப் பார்த்தேன், ஒரு பக்கம் சாய்ச்சா குரல் வருது, விட்டா போயிடுது!

அப்போது பாசார் மாலாமில் ஐந்து வெள்ளி இயர்போன் போதும். புதுப் போனை மகனே வாங்கிக்கொள்ளட்டும்.

சாந்தி டீச்சர்: ராத்திரி முழுக்க எஃப்எம் ஓடுனா எவ்வளவு ஜிபி போகும்? மாசம் முடியறதுக்குள்ள டேட்டா தீர்ந்துடுது.

ஒயர் கேட்கும் எஃப்எம்முக்கு டேட்டா போகாது டீச்சர், சிம் கார்டே இல்லாவிட்டாலும் ஓடும். உங்கள் போன் ஒயர் கேட்காமலே ராகாவையும் மின்னலையும் பாடினால் அது இன்டர்நெட் வழியாக வருகிறது. டேட்டாவைத் தின்பது அதுதான்.

மணியம்: நீளம்தான் கணக்குன்னா அஞ்சு மீட்டர் நீட்டிப்பு ஒயர் போட்டு ஜன்னலுக்கு வெளியே விட்டா சிங்கப்பூரே வருமே?

வராது ஐயா. போனுக்குள் இருக்கும் பாகங்களைச் சாதாரண இயர்போன் ஒயரை மனதில் வைத்துத்தான் அமைத்திருக்கிறார்கள். அஞ்சு மீட்டர் கம்பி சில திசைகளில் நன்றாகப் பிடிக்கும், சில திசைகளில் செவிடாகிவிடும், வீட்டு எல்இடி விளக்கின் இரைச்சலையும் அள்ளிக்கொண்டு வரும். நீளத்தைவிட ஒயர் கிடக்கும் விதம் முக்கியம். சுருட்டி ரப்பர் பேண்ட் போட்ட ஒயர் ஏரியலே இல்லை. அதை நீட்டித் தொங்க விடுங்கள். லயன் வீட்டுத் தகரக் கூரைக்கு அடியில் என்றால் கிழக்குப் பக்க ஜன்னலோரம் வையுங்கள், உலு காலி அந்தப் பக்கம்தான்.

இன்னொன்று, போனின் உடம்பும் அந்த ஏரியலின் மறுபாதி. கையில் எடுத்தால் தெளிவாகி மேசையில் வைத்தால் இரைச்சல் வருவது அதனால்தான்.

குமரன்: அண்ணே, சார்ஜ் போட்டா மட்டும் கர்ர்னு வருதே, அதுவும் இந்த மறுபாதி கதையா?

கொஞ்சம் அதுவும் உண்டு, சார்ஜர் ஒயரும் அந்த மறுபாதியோடு சேர்ந்துகொள்கிறது. ஆனால் பெரும்பங்கு சார்ஜரின் இரைச்சல். சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கி, ஒயரைப் போனிலேயே விட்டுப் பார். கர்ர் நின்றுவிட்டால் குற்றவாளி சார்ஜர். வேறு சார்ஜர் மாற்று, இல்லாவிட்டால் பவர் பேங்கில் போட்டுக் கேள்.

ரவி: சரி, என் அப்பாவோட பட்டன் போன் ஒயரே இல்லாம எஃப்எம் பாடுது. அப்ப நீங்க சொல்றது எப்படி?

அதற்குள் எஃப்எம்முக்கென்றே தனியாக ஒரு சின்ன ஏரியல் வைத்து, சிக்னலைப் பெருக்க ஒரு பாகமும் போட்டிருப்பார்கள். பலமான நிலையங்களைப் பிடிக்கும். அதிலேயே ஒயரைச் சொருகிப் பாருங்கள், புதிதாக ஒன்றிரண்டு நிலையம் சேரும். ஸ்மார்ட்போனில் அந்த இடத்தை 4ஜி, வைஃபை, கேமரா எல்லாம் பிடித்துக்கொண்டன. சிலவற்றில் எஃப்எம்மே கிடையாது. ஐபோன் 7, 8 இரண்டிலும் எஃப்எம் சிப்பும் இல்லை, அதற்கேற்ற ஏரியலும் இல்லை என்று ஆப்பிளே 2017-இல் சொன்னது. அதில் எந்த ஒயரைச் சொருகியும் பயனில்லை.

தேவி: என் போன்ல ரவுண்டு துளையே இல்ல, டைப்-சி மட்டும்தான். கன்வெர்ட்டர் போட்டேன், எஃப்எம் எடுக்கல. தங்கச்சி போன்ல அதே கன்வெர்ட்டர் எடுக்குது.

கன்வெர்ட்டரில் இரண்டு ஜாதி. ஒன்று வெறும் ஒயரை ஒயரோடு இணைப்பது. இன்னொன்றுக்குள் ஒரு சிப் இருக்கும், போன் எண்களாக அனுப்புவதை அதுதான் பாட்டாக மாற்றும். சிப் உள்ள ஜாதியில் அந்த ஒயரிலிருந்து அலையைப் பிரித்தெடுக்கும் பாதையைப் போன் செய்தவர் டைப்-சி துளையிலேயே போட்டிருக்க வேண்டும். தங்கச்சி போனில் போட்டிருக்கிறார்கள் போல. உங்கள் போனில் போடவில்லையா, இல்லை இந்தக் கன்வெர்ட்டரைத்தான் அது ஏற்கவில்லையா என்று இங்கிருந்தே சொல்ல முடியாது. டைப்-சி முனையே உள்ள இயர்போன் ஒன்று கடையில் கிடக்கிறது, இரண்டு போனையும் கொண்டு வாங்க, மாட்டிப் பார்த்துவிடலாம்.

மணியம்: நானும் வர்றேன், என் அஞ்சு மீட்டர் ஒயரோட.

வாங்க ஐயா, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடை இல்லை.