பவுடர் போட்டும் வேர்க்குரு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

"கொருக்குப்பேட்டையில் ஷீட் போட்ட வீடு. 3 வயசுப் பையனுக்கு முதுகு, கழுத்தெல்லாம் வேர்க்குரு. குளிக்க வைத்து பவுடர் போடுகிறேன், ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். அடங்குகிற மாதிரி இருந்து மறுபடி வந்துவிடுகிறது. என்ன செய்வது?"

முதலில் பவுடரையும் எண்ணெயையும் நிறுத்துங்கள்.

கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் உங்கள் பக்கம் வேர்வை சட்டென்று காயாது. அந்த ஈரத்தில் ஊறி, தோலின் மேலடுக்கு உப்பிவிடுகிறது. வெகுநேரம் தண்ணீரில் இருந்தால் விரல் நுனி வெளுத்து ஊறுமே, அதே ஊறல்தான். அப்போது வேர்வைக் குழாயின் வாய் அடைபடுகிறது. தோலில் சாதாரணமாகவே வாழும் கிருமிகள் சுரக்கும் பசையும் அடைப்பை இறுக்குகிறது. ஆனால் கீழே வேர்வை சுரப்பது நிற்பதில்லை. வழியில்லாமல் குழாய் உடைந்து, வேர்வை பக்கத்துத் தோலுக்குள் கசிகிறது. அதுதான் சிவந்த குரு. பையன் ஓடி விளையாடி வந்ததும் 'சுருக் சுருக்' என்று குத்துவது, புதிதாகச் சுரக்கும் வேர்வை அடைப்பை முட்டுவதால்.

பவுடர் வேர்வையோடு குழைந்து, கழுத்து மடிப்பில் மாவாகப் படிந்து அடைப்பைக் கூட்டும். குழந்தை அந்தத் தூசியை மூச்சில் இழுப்பதும் நல்லதல்ல. எண்ணெய், வாஸ்லின் எல்லாம் தோலை மூடிவிடும்.

அடைத்த மேலடுக்கு உதிர்ந்து புதுத்தோல் வர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். இரண்டு நாள் குளுமையில் சிவப்பு அடங்கினாலும் அடைப்பு அப்படியே இருக்கும். மறுபடி புழுங்கினால் குருவும் வரும். அதனால் இரண்டு வாரம் விடாமல் பாருங்கள்.

காலை, மாலை பச்சைத் தண்ணீரில் குளிக்க வையுங்கள். நார் போட்டுத் தேய்க்காமல், துண்டால் ஒற்றியெடுத்து, ஃபேன் காற்றில் நன்றாகக் காய்ந்த பிறகே தளர்வான பருத்தி பனியன் போடுங்கள். முதுகில் அதிகம் என்கிறீர்கள். ரெக்சின் மெத்தையிலோ பிளாஸ்டிக் பாயிலோ படுக்கிறானா என்று பாருங்கள். மேலே பருத்தித் துணியை விரித்து, நனைந்தால் மாற்றிவிடுங்கள். ஷீட் சூடு தணிய ஜன்னலைச் சாத்திக்கொண்டு தரையில் தண்ணீர் தெளிக்காதீர்கள். அறையில் ஈரம்தான் கூடும். அரிப்புக்குக் கலாமின் லோஷனைக் குலுக்கி, மெல்லிசாகத் தடவலாம். நுங்குத் தண்ணீர் தடவினால் குளுமை தெரியும். காய்ந்து பிசுபிசுப்பதற்குள் கழுவிவிடுங்கள்.

வேர்க்குரு உள்ளங்கை, உள்ளங்காலில் வராது. விரல் இடுக்கில் குரு, ராத்திரியில் கடும் அரிப்பு, வீட்டில் மற்றவர்களுக்கும் அரிப்பு என்றால் அது சிரங்காக இருக்கலாம். குருவில் சீழ், வலி, பரவும் சிவப்பு, காய்ச்சல் இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். உடம்பு முழுக்க அடைத்திருந்தால் வேர்வை வெளிவராமல் சூடு உள்ளேயே தங்கும். வெயிலில் பையன் துவண்டு, உடம்பு கொதித்தால் உடனே ஈரத்துணியால் துடைத்து, விசிறிக்கொண்டே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள்.