29 வயசுல வேலையே வெறுக்குது, சனி திரும்பி வந்ததாலயா?

"1996 டிசம்பர் முதல் வாரம் பிறந்தேன், மிதுன லக்னம். ஒரு வருஷமா வேலை மேல வெறுப்பு, நான் யாருன்னே புரியல. ஏழரையும் இல்லங்கறாங்க, அப்புறம் ஏன்?"

ஏழரை சந்திரன்ல இருந்து எண்றது, நீங்க பாக்க வேண்டியது வேற. சனி ஒரு சுத்து வர சுமார் 29½ வருஷம் ஆகும், அது நீங்க பிறந்தப்ப நின்ன அதே பாகைக்கே திரும்ப வர்றதத்தான் மேல்நாட்டு ஜோசியத்துல சாட்டர்ன் ரிட்டர்ன்னு சொல்றாங்க. உங்க ராசிக்கட்டத்துல சனி மீனத்துல சுமார் 7 பாகை, உத்திரட்டாதி. அந்த இடத்த 2025 ஜூன்ல தொட்டுச்சு, வக்கிரமாகி ஆகஸ்ட்ல பின்னாடி வந்து தொட்டுச்சு, திரும்ப நேரா வந்து 2026 பிப்ரவரில கடந்துச்சு, அதான் ஒரே நாள்ல முடியாம மாசக்கணக்கா இழுத்த மாதிரி இருந்திருக்கும்.

ஆனா உங்க வயசுக்காரங்க எல்லாருக்குமே சனி அங்கதான், அதனால லக்னத்துல இருந்து எண்ணிப் பாருங்க, மிதுனத்துக்கு மீனம் பத்தாம் இடம், தொழில் ஸ்தானம், அதான் உங்களுக்கு வேலைலயே பிடிச்சிருக்குன்னு நான் படிக்கிறேன். பிறந்த நேரம் தப்பா இருந்தா லக்னமே மாறிடும், ஆஸ்பத்திரி சீட்டுல ஒருதடவ செக் பண்ணிக்கோங்க.

அந்த மூணு மாசத்துல ஆபீஸ்ல என்ன நடந்துச்சுன்னு பழைய மெயில், சாட் எடுத்துப் பாருங்க. ஒரே பிரச்சனை மூணு தடவையும் வந்திருந்தா மாத்த வேண்டியது அதத்தான், ஒண்ணுமே பொருந்தலன்னா இந்தக் கணக்க நம்பி ராஜினாமா பண்ணாதீங்க, நடக்கிற தசா புத்திய பாருங்க.