கூரியர் குறுஞ்செய்திகளைப் பார்சல் பட்டியலாக்குதல்

கேள்வி: ஒரே பார்சலுக்கு நாலைந்து மெசேஜ் வருகிறது, பார்சலுக்கு ஒரு வரி என்று பட்டியல் போடுவது எப்படி?

ஒவ்வொரு செய்தியிலிருந்தும் டிராக்கிங் எண்ணைப் பிரித்தெடுத்து, ஓர் எண்ணுக்கு ஒரே வரி என்று வைத்துக்கொண்டு, அடுத்த செய்தி வரும்போது அந்த வரியின் நிலையை மட்டும் மாற்றுங்கள். அனுப்புநர் பெயரை வைத்துப் பிரிக்க வேண்டாம். ஒரே நிறுவனம் பல பெயர்களில் அனுப்பக்கூடும்.

உண்மையான சிக்கல் செய்திகள் முன்பின்னாக வருவதில்தான் இருக்கிறது. 4417 என முடியும் பார்சலுக்கு 'டெலிவரி ஆனது' என்ற செய்தி 2:10-க்கும், தாமதமான 'டெலிவரிக்குப் புறப்பட்டது' 2:25-க்கும் வந்தால், கடைசியாக வந்ததையே நம்பும் பட்டியல், கைக்கு வந்துவிட்ட பார்சலை இன்னும் வழியில் இருப்பதாகக் காட்டும். ஆகவே 'டெலிவரி ஆனது' என்பதை மாற்ற முடியாத இறுதி நிலையாகப் பூட்டிவிடுங்கள். 'டெலிவரி முயற்சி தோல்வி' அப்படியன்று. அதற்குப் பின் மீண்டும் 'புறப்பட்டது' வருவது இயல்பே.

எண்ணே இல்லாமல் இணைப்பு மட்டும் கொண்ட செய்திகளை, போலியாகவும் இருக்கலாம் என்பதால், திறக்காமல் தனியே ஒதுக்கிவையுங்கள்.