படித்த இரவில் குடித்தால் கணக்கு மட்டும் ஏன் கைவிடுகிறது?

"டொக்டர், எனக்கு 22 வயது. கொழும்பில் முகாமைத்துவம் படிக்கிறேன், வெள்ளவத்தையில் போடிங். சனிக்கிழமைகளில் நாலு பேர் சேர்ந்து இரவு பத்து மணி வரை புள்ளிவிபரவியல் செய்வோம். அப்புறம் ஆளுக்கு இரண்டு ஸ்ட்ராங் பியர். பரீட்சைக்கு முதல் நாள் தொடுவதே இல்லை. படித்த பிறகு குடித்தால் இன்னும் நன்றாக ஞாபகம் நிற்கும் என்று ஆராய்ச்சியே சொல்கிறதாம், நண்பன் போனில் காட்டினான். ஆனால் போன செமஸ்டரில் எனக்கு வரைவிலக்கணம் எல்லாம் வந்தது, கணக்குத்தான் வரவில்லை. இதற்கும் குடிக்கும் சம்பந்தம் இருக்கிறதா?"

தம்பி, உங்கள் நண்பன் காட்டியது பொய்யில்லை. 2017இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் அப்படி ஓர் ஆய்வு வந்தது. 88 பேருக்குப் புதிய சொற்களைக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு ஒரு பகுதியினரை விருப்பம்போலக் குடிக்கவிட்டார்கள், மற்றவர்களுக்குக் குடி இல்லை. மறுநாள் காலையில் கேட்டபோது, குடித்தவர்களுக்குத்தான் அந்தச் சொற்கள் கூடுதலாக ஞாபகம் இருந்தன. இதே போன்ற முடிவு அதற்கு முன்பும் வேறு ஆய்வுகளில் வந்திருக்கிறது.

ஏன் அப்படி வந்தது என்பதைப் பார்த்தால்தான் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும். புதிதாகக் கேட்பதையும் பார்ப்பதையும் முதலில் பதிந்து வைக்கும் இடம் மூளையின் ஹிப்போகாம்பஸ். மதுசாரம் உள்ளே போனதும் அந்தப் பதிவு வேலை மந்தமாகிறது. அளவு மிஞ்சினால் நின்றே போகிறது. இரவு என்ன பேசினோம், எப்படி அறைக்கு வந்தோம் என்பதே காலையில் தெரியாமல் போவது அதனால்தான். குடித்த பிறகு புதிதாக எதுவும் சரியாகப் பதியாததால், குடிக்குமுன் படித்த சொற்களோடு போட்டி போட வேறு எதுவும் வருவதில்லை. அவை கலங்காமல் தப்பிவிடுகின்றன. இதுதான் பலரும் ஏற்கும் விளக்கம். ஆக, மது ஞாபகத்தைக் கூட்டவில்லை. அதற்குப் பிறகு வந்ததை அது அழித்தது, முன்னதற்கு அது வசதியாகப் போய்விட்டது, அவ்வளவுதான்.

அந்த ஆய்வில் சோதித்தது சொற்களை, அதுவும் மறுநாள் காலையில். உங்கள் பரீட்சை அப்படி இல்லையே. மூன்று வாரம் கழித்து, நீங்கள் முன்பு பார்க்காத ஒரு தரவைத் தந்து, இதற்கு எந்தச் சோதனை பொருந்தும் என்று கேட்கிறார்கள். ரீ சோதனையா, கைவர்க்கச் சோதனையா என்று நீங்களே முடிவு செய்ய வேண்டும். அது மனப்பாடம் இல்லை. பத்துப் பதினைந்து கணக்குகளைச் செய்து செய்து, அவற்றுக்குள் இருக்கும் ஒழுங்கை மூளை தானாகப் பிடித்துக்கொள்ளும் ஒரு பழக்கம்.

இந்த இரண்டு வகையையும் ஒன்றாக வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. கனடாவில் உறக்கத்தையும் கற்றலையும் பற்றி நீண்டகாலம் ஆராய்ந்த கார்லைல் ஸ்மித் குழுவினர் 2003இல் வெளியிட்டது. கற்ற பிறகு, தூங்கப்போகும் நேரத்தில் குடித்தவர்களுக்குச் சோடிச் சொற்கள் பெரிதாக மறக்கவில்லை. ஆனால் செய்து பழகும் வகையான வேலையில் அவர்கள் பின்தங்கினார்கள். உங்கள் கடிதத்தில் "வரைவிலக்கணம் வந்தது, கணக்கு வரவில்லை" என்ற வரியைப் படித்ததும் எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வந்தது. சிறிய ஆய்வுதான், இதை வைத்து உங்களுக்கு நடந்தது இதுவேதான் என்று அடித்துச் சொல்லமாட்டேன். கணக்கு வராமல் போக வேறு நூறு காரணங்கள் இருக்கலாம். ஆனால் போக்கு பொருந்துகிறது.

அப்படியானால் இரவில் என்ன நடக்கிறது? நாம் தூங்கும்போது, பகலில் பதிந்ததை ஹிப்போகாம்பஸ் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, மூளையின் மேற்பரப்புப் பகுதிகளிடம் கொஞ்சம் கொஞ்சமாக ஒப்படைக்கிறது. இது பெரும்பாலும் ஆழ்ந்த தூக்கத்தில் நடக்கிறது. கண்கள் வேகமாக அசையும் கனவுத் தூக்கம் இரவின் கடைசிப் பகுதியில்தான் அதிகம் வரும். ஒழுங்குகளைப் பிடிப்பதில் இதற்கும் பங்கு உண்டு என்று பலர் கருதுகிறார்கள், எவ்வளவு என்பதில் மட்டும் இன்னும் வாதம் இருக்கிறது. குடித்துவிட்டுப் படுத்தால் முன்னிரவில் சட்டென்று அடித்துப்போட்ட மாதிரித் தூக்கம் வரும். அதைப் பார்த்துத்தான் "பியர் போட்டால் நல்ல நித்திரை" என்கிறோம். மதுசாரம் கரைந்து முடியும் பின்னிரவில் கதை மாறிவிடும். கனவுத் தூக்கம் பின்தள்ளிப்போய்க் குறைந்திருக்கும். மூன்று, நாலு மணிக்கு முழிப்பு வரும், வாய் காயும், சிறுநீர் முட்டும். மதுசாரம் உடலில் நீரைத் தேக்கி வைக்கும் ஹோர்மோனை அடக்குவதால்தான் அந்த ஓட்டம்.

உங்கள் சனிக்கிழமையையே கணக்குப் போட்டுப் பார்ப்போம், புள்ளிவிபரக்காரர்தானே நீங்கள். ஸ்ட்ராங் பியர் டின்னில் மதுசாரம் 8.8 வீதம் என்று எழுதியிருக்கும். 500 மில்லிலீற்றர் டின் என்றால் அதில் 44 மில்லிலீற்றர் தூய மதுசாரம், எடையில் ஏறக்குறைய 35 கிராம். இரண்டு டின் 70 கிராம். சராசரி ஆள் ஒருவரின் ஈரல் மணிக்கு 7, 8 கிராம் வரைதான் கரைக்கும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும் குறையும். தேசிக்காய்த் தண்ணீர், குளிப்பு, கோப்பி எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. 70 கிராமும் போக ஒன்பது, பத்து மணித்தியாலம் வேண்டும். பத்தரைக்குத் தொடங்கினால், உடம்பில் இருந்து முழுதாக நீங்க ஞாயிறு காலை எட்டு மணியாகலாம். நீங்கள் ஒரு மணிக்குப் படுத்து எட்டு மணிக்கு எழுந்தால், அன்றைய தூக்கம் முழுவதும் மதுசாரத்தோடுதான் நடந்திருக்கிறது. "ரெண்டே ரெண்டு பியர்தான்" என்பது டின் கணக்கு. சாதாரண 4.8 வீதப் பியராக இருந்தால் கிட்டத்தட்ட பாதி நேரத்தில் முடிந்திருக்கும்.

அடுத்து நீங்கள் கவனிக்காத ஒன்று. "பரீட்சைக்கு முதல் நாள் தொடுவதில்லை" என்கிறீர்கள். நல்லது. ஆனால் அன்றைக்குக் கற்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? அந்தக் கணக்குகளைப் பழகிய இரவுகள்தானே சனிக்கிழமைகள். படித்தது நிலைப்பது ஒரே இரவில் முடிகிற வேலை இல்லை, அடுத்தடுத்த சில இரவுகளிலும் தொடர்கிறது. வெள்ளிக்கிழமை பழகியதற்கும் சனி இரவுத் தூக்கம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமையின் நிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: தலைப்பாரம், கவனம் நிற்காமை, மத்தியானச் சோறு தின்றதும் படுக்கை. அன்று புத்தகத்தைத் திறந்தாலும் கவனம் ஊன்றாமல் படிப்பது சரியாகப் பதியாது. நீங்கள் வாரத்தில் ஒரு நாள் குடிக்கிறீர்கள், படிப்பில் ஒன்றரை நாள் போகிறது.

என் சொல்லை நம்ப வேண்டாம், நீங்களே அளந்து பாருங்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அன்று பழகிய பகுதியில் இருந்து, செய்யாத இரண்டு கணக்கைப் பாஸ்ட் பேப்பரில் குறித்து மடித்து வையுங்கள். விடையைப் பார்க்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை குறிப்பு எதுவும் இல்லாமல் அவற்றைச் செய்யுங்கள். எந்தச் சோதனை என்று தீர்மானிக்க எவ்வளவு நேரம் பிடித்தது, எந்த அடியில் தடுமாறினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். குடித்த வாரம் எது, குடிக்காத வாரம் எது என்று பக்கத்தில் போடுங்கள். ஓர் ஆளின் ஒரு சில வாரங்கள் ஆராய்ச்சி ஆகாது. ஆனாலும், வரைவிலக்கணம் எல்லா வாரமும் ஒரேபோல வந்து, சோதனையைத் தெரிவதில் மட்டும் குடித்த வாரங்களில் இழுபறி என்றால், உங்களுக்கே விளங்கிவிடும்.

குடிக்கத்தான் போகிறீர்கள் என்றால் கணக்கு வகைப் படிப்பை அந்த இரவில் வைக்காதீர்கள். அடுத்த சில இரவுகளாவது சுத்தமாக இருக்கட்டும். படுக்கும்போது உடம்பில் மதுசாரம் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஆகவே, சாதாரண பியர் ஒன்றை மாலையில் சாப்பாட்டோடு குடிப்பதும், நள்ளிரவுக்கு இரண்டு ஸ்ட்ராங் குடிப்பதும் ஒன்றல்ல. எனர்ஜி ட்ரிங் கலந்து குடிக்கும் பழக்கம் உங்கள் கூட்டத்தில் இருந்தால் அதை விடுங்கள். மயக்கம் தெரியாமல் செய்யுமே தவிர வெறியைக் குறைக்காது, அதனால் குடி கூடிப்போகும். உங்கள் குழுவில் 21 வயது ஆகாதவர் யாரும் இருந்தால், அவர்களுக்கு மது விற்பதே இங்கு சட்டப்படி குற்றம்.

இன்னொன்று. பியர் குடித்தும் தூக்கம் வராத இரவுகளில் பிரிற்றன் குளிசை போட்டுப் படுக்கும் பிள்ளைகளைப் போடிங்குகளில் நிறையக் கண்டிருக்கிறேன். மதுவோடு அது சேர்ந்தால் மயக்கம் இரட்டிப்பாகும், தூக்கத்தில் வாந்தி வந்தால் புரையேறும் ஆபத்து உண்டு. அப்படிப் படுத்தவரைத் தனியாக விடாமல் ஒருக்களித்துக் கிடத்துங்கள். தட்டினாலும் எழும்பவில்லை, மூச்சு மெதுவாகவோ இழுத்து இழுத்தோ வருகிறது என்றால் விடியும் வரை பார்த்திருக்காமல் உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

முந்திய இரவு நடந்தது அடிக்கடி நினைவில் இல்லாமல் போவது, குடிக்காவிட்டால் தூக்கமே வராதது, காலையில் கை நடுங்குவது, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அது படிப்புப் பிரச்சினையைத் தாண்டிவிட்டது. உங்கள் பல்கலைக்கழக வைத்திய நிலையத்தில் வைத்தியரிடம் நேரில் சொல்லுங்கள். கை நடுங்கும் ஆள் திடீரென்று தானாக நிறுத்துவதில் வலிப்பு வரும் ஆபத்து இருக்கிறது, ஆகவே வைத்தியரோடு பேசிவிட்டே குறைக்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுக்கு அந்த நிலை இருப்பதாகத் தெரியவில்லை. உங்களைப் பொறுத்தவரை, அடுத்த பரீட்சை வரைக்கும் சனிக்கிழமைக் கணக்கைச் சனி காலைக்கு மாற்றி, பியரைப் பரீட்சை முடிந்த அன்றைக்குத் தள்ளிப்போட்டால் போதும்.