மொய் நோட்டின் கூட்டலும் நீதிமன்றத்தின் கூட்டலும்

கேள்வி: ஐயா, நாங்கள் புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி பக்கம். அப்பா 2022 ஆவணியில் மொய் விருந்து வைத்தார். 8,40,000 ரூபாய் விழுந்தது, செலவு 1,35,000 ஆனது. 2024 தையில் அப்பா காலமாகிவிட்டார். அதற்குள் 2,20,000 வரை அவரே மற்றவர்கள் விருந்துகளில் மொய் செய்திருக்கிறார். ஒரு பகுதி போர் போட்டதில் போய்விட்டது, வங்கியில் 1,80,000 இருக்கிறது. "ஏழு லட்சம் லாபம், மீதி எங்கே?" என்கிறார் அண்ணன். நோட்டு என்னிடம் இருப்பதால் ஊரார் என்னிடம்தான் கேட்கிறார்கள். உண்மையில் எவ்வளவு பாக்கி? யார் கொடுக்க வேண்டும்? எங்களுக்கு வராத மொய்க்கு வழக்குப் போடலாமா? அம்மாவும் தங்கையும் இருக்கிறார்கள்.

பதில்: அன்பரே, நீங்கள் அனுப்பிய மொய் நோட்டின் நகலையும், அப்பா தாம் செய்த மொய்களைக் குறித்து வைத்திருந்த டைரியின் நகலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். சட்டத்துக்குப் போகும் முன் கணக்கைச் சரிசெய்துவிட வேண்டும். உங்கள் அண்ணன் சொல்லும் ஏழு லட்சம் கூட்டல் கழித்தலில் சரியானதே. ஆனால் அது லாபமே அல்ல.

ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். நோட்டின் 14ஆம் பக்கத்தில் பேருந்து நிறுத்தத்து டீக்கடைக்காரர் பெயருக்கு நேரே 5,000 என்று இருக்கிறது. நோட்டை மட்டும் பார்ப்பவர் அவருக்கு 5,000 திருப்பிச் செய்ய வேண்டும் என்றே எழுதிக்கொள்வார். டைரியைத் திறந்தால், 2017இல் அவர் வைத்த விருந்தில் உங்கள் அப்பா 2,000 செய்திருப்பது தெரிகிறது. ஆகவே 5,000இல் 2,000 உங்கள் வீட்டுப் பணம் வீடு திரும்பியது. மீதி 3,000தான் அவர் போட்ட புது நடை, அதாவது பழையதற்கு மேல் அவர் புதிதாகச் செய்த, நீங்கள் திருப்பிச் செய்ய வேண்டிய மொய். பிறகு 2023இல் அவர் விருந்து வைத்தபோது அப்பா 4,000 செய்திருக்கிறார். அதில் 3,000 பழையதை நேர் செய்தது, 1,000 அப்பா போட்ட புது நடை. கடைசியில் டீக்கடைக்காரருக்கு நீங்கள் ஒரு ரூபாயும் பாக்கியில்லை. வழக்கப்படி அவர்தான் உங்களுக்கு 1,000 செய்ய வேண்டும்.

இதே போல் ஒவ்வொரு பெயரையும் நோட்டிலும் டைரியிலும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தேன். விருந்துக்கு முன் அப்பா ஊரில் செய்து வைத்திருந்த மொய் 4,60,000. அதில் 2022இல் திரும்பி வந்தது 3,10,000. வராமல் நின்றது 1,50,000. விழுந்த 8,40,000இல் அந்த 3,10,000ஐக் கழித்தால், புது நடையாகவும் புது ஆட்கள் செய்ததாகவும் வந்தது 5,30,000. விருந்துக்குப் பின் அப்பா செய்த 2,20,000இல் 1,70,000 இந்தப் பாக்கியைக் குறைத்திருக்கிறது. 50,000 அவர் பிறர் மேல் ஏற்றிய புது நடை. ஆக, இன்றைய தேதியில் வழக்கப்படி நீங்கள் செய்ய வேண்டியது 3,60,000. உங்களுக்கு வர வேண்டியது 1,50,000மும் 50,000மும் சேர்ந்து 2,00,000. நிகரமாக 1,60,000 உங்கள் பக்கம் பாக்கி. நோட்டில் ஊரும் இனிஷியலும் தெளிவில்லாமல் ஒரே பெயர் இரண்டு மூன்று இடங்களில் வருகிறது. அவற்றை அம்மாவை உடன் வைத்துக்கொண்டு ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள், சில ஆயிரங்கள் இப்படியும் அப்படியும் மாறலாம்.

இப்போது அண்ணனுக்கான பதில் தானாகவே வந்துவிடுகிறது. விருந்தன்று விழுந்த தொகையில் ஒரு பங்கு உங்கள் பணமே திரும்பியது, மற்றது திருப்பிச் செய்ய வேண்டியது. திரும்பி வராமல் முழுதாகச் செலவானது ஆட்டுக்கறிக்கும் அரிசிக்கும் பந்தலுக்கும் பத்திரிகைக்கும் போன 1,35,000 மட்டுமே. அந்தச் செலவில் அப்பாவுக்குக் கிடைத்தது, முடங்கிக் கிடந்த 3,10,000 கைக்கு வந்ததும், 5,30,000 வட்டியில்லாமல் சில ஆண்டுகள் கையில் இருந்ததும்தான். விழுந்த ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் ஏறத்தாழ 16 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்ளலாம். வர வேண்டிய 2,00,000ஐயும் முழு மதிப்பில் எழுதக் கூடாது என்பது என் கருத்து. விருந்து வைத்தால்தான் அது வரும். விருந்து வைக்க மறுபடியும் ஒன்றரை லட்சம் போல ஆகும். அன்றைக்கும் புது நடை என்ற புதுப் பாக்கி ஏறத்தான் செய்யும்.

இனி சட்டம். வராத மொய்க்கு வழக்குப் போடலாமா என்ற கேள்வியை ஆண்டுக்கு நாலைந்து பேராவது என்னிடம் கேட்கிறார்கள், நான் அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். காரணங்களைச் சொல்கிறேன். மனமுவந்து, கைமாறு பெறாமல் ஒருவர் தரும் அசையும் பொருளை மற்றவர் ஏற்றுக்கொண்டால் அது சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882இன் 122ஆம் பிரிவின்படி கொடை. பொருள் கைமாறியதும் 123ஆம் பிரிவின்படி அது முடிந்துவிடுகிறது. மொய் கொடை அல்ல, திருப்பித் தருவார் என்றே செய்தது என்று வாதிட ஒரே ஒரு வழி உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 70ஆம் பிரிவு, இனாமாக எண்ணாமல் ஒருவர் கொடுத்ததை அனுபவித்தவர் ஈடு செய்ய வேண்டும் என்கிறது. எங்கள் பகுதி மொய் விருந்தைப் பார்த்தவர் எவரும் அதை இனாம் என்று சொல்ல மாட்டார் என்பதால், வாதம் வலுவற்றது என்று நான் சொல்ல வரவில்லை. அது சாட்சியத்திலும் காலவரையறையிலும்தான் விழுகிறது.

சாட்சியத்தைப் பாருங்கள். நீங்கள் வாங்கிய மொய்க்கான நோட்டு உங்களிடம் இருக்கிறது. ஆனால் அப்பா செய்த மொய்க்கான நோட்டு எதிர்தரப்பு வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. உங்களிடம் இருப்பது அப்பா தாமே எழுதிய டைரி. தொழில் நடைமுறையில் ஒழுங்காக வைக்கப்பட்ட கணக்குப் புத்தகமாக இருந்தாலும்கூட, அதில் உள்ள பதிவை மட்டுமே கொண்டு ஒருவர் மீது பொறுப்பைச் சுமத்த முடியாது என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 34ஆம் பிரிவு சொன்னது. இப்போதைய பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 28ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. வீட்டு டைரி அந்த நிலைக்குக்கூட எட்டாது. காலவரையறையோ மூன்று ஆண்டுகள். மொய் விருந்தின் சுற்றோ பெரும்பாலும் ஐந்து ஆண்டுகள். அதாவது நம் வழக்கம் பாக்கி கேட்க வேண்டிய முறைக்கு வரும் முன்பே, பணம் கொடுத்த நாளிலிருந்து எண்ணினால், சட்டத்தின் கதவு மூடிவிடுகிறது. விருந்து வைத்து அவர் வராத நாளிலிருந்துதான் காலம் ஓடத் தொடங்கும் என்று வாதிட்டாலும், 2022 ஆவணிக்கு மூன்று ஆண்டுகள் 2025 ஆவணியோடு முடிந்துவிட்டன. உங்கள் பட்டியலில் வராதவர்களில் பாதிப்பேர், 2018 நவம்பர் கஜா புயலில் தென்னை முழுதும் சாய்ந்துபோன தோப்புக்காரர்கள் என்பதையும் கவனித்தேன். அவர்கள் மேல் வழக்குத் தொடுத்துக் கட்டணம் செலவழிப்பதில் பயனில்லை.

இதே வாள் உங்கள் பக்கமும் வெட்டும், உங்களுக்குச் சாதகமாக. ஊரார் கேட்கும் 3,60,000ஐயும் எவரும் நீதிமன்றத்தில் எளிதில் பெற முடியாது. மேலும், அப்பாவின் கடன் என்றே எடுத்துக்கொண்டாலும், வாரிசுகளின் பொறுப்பு அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு மட்டுமே. தந்தை கடனை மகன் தீர்ப்பது தர்மக் கடமை என்ற ஒரே காரணத்துக்காக மகன் மீது நடவடிக்கை எடுக்கும் உரிமையை 2005 செப்டம்பர் 9 முதல் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் ஏற்பதில்லை. நோட்டு உங்கள் வீட்டில் இருக்கிறது என்பதற்காக நீங்கள் மட்டும் பொறுப்பாளி ஆகிவிட மாட்டீர்கள். எவராவது மிரட்டிக் கேட்டால் அது மொய் விவகாரம் அல்ல, காவல் நிலையத்தில் சொல்ல வேண்டியது.

ஒன்றில் மட்டும் மிகுந்த எச்சரிக்கையாக இருங்கள். பாக்கிக்காகப் புரோநோட்டிலோ காசோலையிலோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால், கைமாறு பெற்றே அது எழுதப்பட்டது என்று மாற்றுமுறை ஆவணச் சட்டம் 118ஆம் பிரிவின்படி நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். அது வெறும் மொய் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தோளில் ஏறிவிடும். சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒருவர் 40,000 மொய்க்கு இப்படி எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு ஆண்டுகளாக வாய்தாவுக்கு அலைந்துகொண்டிருந்தார்.

வங்கியில் உள்ள 1,80,000 வேறு விஷயம். அது அப்பாவின் சொத்து. உயில் இல்லை என்றும், அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இல்லை என்றும் வைத்துக்கொண்டால், அம்மா, அண்ணன், நீங்கள், தங்கை நால்வருக்கும் சமமாக 45,000 வீதம். "மொய்ப் பணம், ஆண்பிள்ளைகளுக்குத்தான்" என்று அண்ணன் சொல்வதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். வங்கிக் கணக்கில் கிடக்கும் பணத்துக்கு அப்படி ஒரு பிரிவினை சட்டத்தில் கிடையாது. ஊரில் உறவைக் காப்பாற்றிக்கொள்ள விரும்பினால், 1,80,000ஐயும் பிரிக்காமல் ஒரு தனிக் கணக்கில் வைத்து, நிகரப் பாக்கியான 1,60,000ஐ விருந்து வர வர அதிலிருந்தே செய்யலாம். வர வேண்டிய மொய் முறையாக வந்தால்தான் அது போதும் என்பதை மறந்துவிடாமல், எந்தெந்தப் பெயருக்கு யார் போவது, வருவது யாருடைய விருந்தில் வரவு என்று பெயர்வாரியாகப் பட்டியலிட்டு, நால்வரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். தங்கை பங்கை விட்டுக்கொடுப்பதாக இருந்தால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். இனி நடை வேண்டாம் என்று தோன்றும் பெயர்களுக்கு வாங்கியதை அப்படியே திருப்பிச் செய்து புது நடை போடாமல் விட்டால், கணக்கு அத்துடன் முடிந்தது என்பது ஊர் வழக்கமே.

நீங்களும் அண்ணனும் அடுத்து விருந்து வைக்க நினைத்தால் வருமான வரியையும் எண்ணிப் பாருங்கள். ஒருவர் தம் திருமணத்தில் பெறும் அன்பளிப்புக்கு வரி இல்லை. மொய் விருந்துக்கும் காதணிக்கும் அந்த விலக்கு கிடையாது. சட்டம் வரையறுத்த நெருங்கிய உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் கூட்டாக 50,000க்கு மேல் வந்தால், 50,000க்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டுமல்லாமல் முழுத் தொகைக்கும் வரி. சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் அந்த உறவினர் பட்டியலில் இல்லை. பழைய மொய் திரும்பியது வருமானம் அல்ல என்று நீங்கள் சொல்ல வேண்டிவரும் நாளில், நோட்டையும் டைரியையும் பெயருக்குப் பெயர் ஒட்டிப் பார்த்த அந்தப் பட்டியல்தான் உங்களிடம் இருக்கும் ஆதாரம். அதனால் அதை இப்போதே இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றை அம்மாவிடம் கொடுத்து வையுங்கள்.